இறங்கி முடிந்த அப்டேட் எதற்காகக் காத்து நிற்கிறது?

மதுரையில் இருக்கும் என் சித்தி வைத்திருப்பது ஐபோன் 11, 64 ஜிபி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரோடு சேர்த்து அந்தப் போனையும் என் கையில் கொடுத்தார். "நேத்து ராத்திரியிலிருந்து மூணு தடவை அப்டேட் போட்டுட்டேன்டா. ஒவ்வொரு தடவையும் சுத்திக்கிட்டே இருந்துட்டு முடியலைங்குது." நான்காவது முறையாக நான் போட்டுப் பார்த்தேன். `Verifying Update…` என்று ஒரு சிறிய பெட்டி வந்து சுழன்றது. நிறைய நேரம் கழித்து `Unable to Verify Update` என்று நின்றது. இணைய இணைப்பு இல்லாததால் சரிபார்க்க முடியவில்லை என்பது அதன் கீழே இருந்த வாசகத்தின் பொருள்.

சித்தி கேட்டது நல்ல கேள்வி: "அதான் முழுசா இறங்கிடுச்சே, இனி எதுக்கு நெட்டு?"

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் நின்றுபோன அப்டேட்டைப் பாதிக்கு மேல் சரிசெய்துவிடலாம். ஸ்டோரேஜைப் பார், சார்ஜைப் பார், வைஃபையைப் பார், போனை அணைத்துப் போடு என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். இவற்றில் முதல் மூன்றும் வெவ்வேறு கட்டத்தில் தடை போடுபவை. போன் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் மூன்றையும் மாற்றி மாற்றி முயன்றால் ஒரு நாள் போய்விடும்.

திரையில் இருக்கும் சொல் சொல்வது என்ன

ஐபோனில் `Settings > General > Software Update` பக்கத்தில் நடப்பது ஒரே வேலை அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக வரும் சில வேலைகள். முதலில் `Update Requested…` என்று வரும். அப்போது எதுவும் இறங்கவில்லை. எந்தக் கோப்பு தனக்கானது என்று போன் ஆப்பிளின் சர்வரைக் கேட்டுக்கொண்டோ, வரிசையில் நின்றுகொண்டோ இருக்கிறது. புதிய பதிப்பு வெளியாகும் நாளில் இந்தச் சொல் வெகுநேரம் அப்படியே நிற்கும். ஆப்பிள் வழக்கமாக கலிஃபோர்னியா நேரம் காலை 10 மணிக்கு வெளியிடுகிறது. செப்டம்பர் மாதத்தில் அது நமக்கு இரவு 10.30. அந்த நேரத்தில் உலகமே ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். 2013 செப்டம்பர் 18 அன்று ஐஓஎஸ் 7 வந்தபோது பலருக்கு அப்டேட் தோல்வி என்ற செய்திதான் கிடைத்தது. அன்றைக்குப் போனில் செய்ய ஒன்றுமில்லை, மறுநாள் காலை போட்டால் போதும்.

அடுத்தது பதிவிறக்கம். இதில் மட்டும்தான் எவ்வளவு நேரம் மீதி என்ற கணக்கு காட்டும். அந்தக் கணக்கை நம்ப வேண்டாம், பட்டை நகர்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்குப் பிறகு `Preparing Update…`. இங்கே நெட்டுக்குப் பெரிதாக வேலையில்லை. இறங்கிய மூட்டையைப் பிரித்து, ஏற்கெனவே போனில் உள்ள கோப்புகளோடு பொருத்தி, புதியவற்றை உருவாக்கி அடுக்கி வைக்கும் வேலை நடக்கிறது. போன் வெதுவெதுப்பாவது இதனால்தான். பழைய மாடல்களில் அரை மணி நேரம் எடுப்பது சாதாரணம், பெரிய பதிப்பென்றால் அதற்கு மேலும் ஆகும். பட்டை அசையவில்லை என்று பலர் பொறுமை இழந்து போனை அணைப்பது இந்த இடத்தில்தான். ஒரு மணி நேரமாவது விட்டுவைப்பேன் நான்.

பிறகுதான் `Verifying Update…`. இந்தச் சொல் வந்தாலே போன் மாட்டிக்கொண்டது என்று பொருளில்லை, சில கணங்கள் வந்து போவது இயல்பு. ஆனால் பத்துப் பதினைந்து நிமிடம் தாண்டியும் நின்றால் எங்கோ தடை இருக்கிறது. இது முடிந்த பின்னால்தான் போன் அணைந்து, ஆப்பிள் சின்னமும் அதன் கீழே ஒரு பட்டையுமாக நிறுவல் தொடங்கும்.

இந்த வரிசையில் நினைவில் வைக்க வேண்டிய எல்லைக்கோடு ஒன்று உண்டு. சரிபார்ப்பு முடிகிற வரை போன் ஓடிக்கொண்டிருப்பது பழைய இயங்குதளத்தில்தான், அதில் இன்னும் கைவைக்கப்படவில்லை. ஆகவே அதுவரை எந்தக் கட்டத்திலும் கட்டாய மறுதொடக்கம் செய்யலாம், எதுவும் கெடாது. ஐபோன் 8-இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் ஒலி கூட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்தி விடவேண்டும், பிறகு ஒலி குறைக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தி விடவேண்டும், அதன்பின் பக்கவாட்டுப் பொத்தானை ஆப்பிள் சின்னம் வரும்வரை விடாமல் பிடிக்கவேண்டும். சின்னமும் பட்டையும் வந்து நிறுவல் தொடங்கிவிட்டபின் இந்த விளையாட்டு கூடாது.

அனுமதிச் சீட்டு

இப்போது சித்தியின் கேள்விக்கு வருகிறேன். கோப்பு முழுவதும் இறங்கியதா, நடுவில் ஏதும் சிதைந்ததா என்று பார்ப்பது சரிபார்ப்பின் ஒரு பகுதி மட்டுமே. அதற்குப் போனே போதும். இன்னொரு பகுதிக்குப் போன் ஆப்பிளின் அனுமதி சர்வரோடு பேசியாக வேண்டும். அந்த சர்வரின் பெயர் `gs.apple.com`.

பேச்சு இப்படிப் போகிறது. நிறுவப்போகும் ஒவ்வொரு முக்கியப் பகுதிக்கும், அதாவது தொடக்க நிரல், இயங்குதளத்தின் மையமான கெர்னல், இயங்குதளப் படிமம் ஆகியவற்றுக்கும், ஒரு கணிதக் கைரேகையைப் போன் எடுக்கிறது. ஒரு எழுத்து மாறினாலும் கைரேகை மாறிவிடும். அந்தக் கைரேகைகளோடு, தன் சிப்புக்குள் பதிக்கப்பட்ட, உலகில் வேறெந்தப் போனுக்கும் இல்லாத ஓர் எண்ணையும், அந்த நேரத்துக்கென்று புதிதாக உருவாக்கிய ஒரு தற்செயல் எண்ணையும் சேர்த்து அனுப்புகிறது. சர்வர் தன் பட்டியலைப் பார்க்கிறது: இந்தப் பதிப்பை இப்போது நிறுவ அனுமதி உண்டா? உண்டென்றால் அத்தனையையும் சேர்த்துக் கையெழுத்திட்டு ஒரு சீட்டு தருகிறது. போன் அடுத்து உயிர்க்கும்போது தொடக்க நிரல் அந்தச் சீட்டைப் பார்த்த பிறகுதான் புதிய இயங்குதளத்தை உள்ளே விடும்.

கல்யாண வீட்டு அழைப்பிதழ் போல யார் கையில் வேண்டுமானாலும் கொடுக்கக்கூடிய சீட்டல்ல இது. ரயில் முன்பதிவுச் சீட்டு போன்றது: இந்தப் பெயர், இந்த நாள், இந்த வண்டி. அண்ணன் போனுக்குக் கிடைத்தது தம்பி போனுக்குச் செல்லாது. நேற்றுக் கிடைத்ததை இன்று மறுபடி நீட்ட முடியாது, தற்செயல் எண் மாறியிருக்கும். போனுக்குப் போன் தனிச்சீட்டு என்ற இந்த ஏற்பாடு 2009-இல் ஐபோன் 3ஜிஎஸ் காலத்தில் தொடங்கியது.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்றால், பழைய பதிப்புகளுக்குத் திரும்புவதைத் தடுக்க. திருடிய போனில், ஓட்டை இருப்பது ஊரறிந்த ஒரு பழைய பதிப்பைப் போட்டுவிட்டு அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழையலாம் அல்லவா? பழைய பதிப்புக்குச் சர்வர் சீட்டுத் தர மறுத்துவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. புதிய பதிப்பு வந்து சில நாட்களோ வாரங்களோ கழிந்ததும் முந்தையதற்குக் கையெழுத்திடுவதை ஆப்பிள் நிறுத்திவிடுவது இதனால்தான்.

இதிலிருந்து நடைமுறையில் இரண்டு விளைவுகள். ஒன்று, சரிபார்க்கும் நேரத்தில் நெட் இருந்தே ஆகவேண்டும், ஆனால் மிகக் கொஞ்சம் போதும். பரிமாறப்படுவது சில கிலோபைட் அளவிலான எழுத்துகள்தான், ஒரு வாட்ஸ்அப் படம் இதைவிடப் பெரிது. இரண்டு, என்றோ தானாக இறங்கி வாரக்கணக்கில் போனுக்குள் கிடக்கும் அப்டேட் காலாவதியாகியிருக்கலாம். கோப்பில் குறையில்லை, நெட்டிலும் குறையில்லை, ஆனாலும் சீட்டுக் கிடைக்காது. `Settings > General > iPhone Storage` பட்டியலில் செயலிகளுக்கு நடுவே அந்த அப்டேட்டும் தன் பதிப்பு எண்ணோடு உட்கார்ந்திருக்கும். அதைத் தொட்டு `Delete Update` கொடுத்துவிட்டுப் புதிதாக இறக்குவதுதான் ஒரே வழி. சிதைந்து இறங்கிய கோப்புக்கும் இதே மருந்து.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தங்கள் போனுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். அங்கே அப்டேட்டில் உள்ள கையெழுத்தைச் சோதிப்பதற்கான சாவி போனுக்குள்ளேயே இருக்கிறது. போனுக்குப் போன் தனிச்சீட்டு கேட்கும் வழக்கம் இல்லை. ஆண்ட்ராய்டு 7.0-இல் 2016-இல் வந்த இரட்டை அறை முறையைப் பின்பற்றும் போன்களில், நீங்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் இயங்குதளத்தைத் தொடாமல் பக்கத்து அறையில் புதியது எழுதப்படுகிறது, எழுதியதைத் திரும்ப வாசித்தும் பார்க்கிறது. ஆகவே அங்கே சரிபார்ப்பு மெதுவாக நகர்ந்தால் நெட்டைவிட ஸ்டோரேஜின் வேகத்தையும் மீதியையும்தான் சந்தேகிக்க வேண்டும்.

வைஃபைக் கோடுகள் எதைக் காட்டுகின்றன

சித்தி வீட்டில் வைஃபைக் கோடுகள் முழுசாக இருந்தன. "நெட்டு நல்லாத்தானே இருக்கு, பாரு" என்று அவர் காட்டியதும் அதைத்தான். அந்தக் கோடுகள் காட்டுவது போனுக்கும் கூடத்து மோடத்துக்கும் இடையே உள்ள பதினைந்து அடி தூரத்தை. மோடத்திலிருந்து வெளியே போகும் கண்ணாடி இழைக் கம்பியின் நிலை அதில் தெரியாது.

அதனால் நான் போனை விட்டுவிட்டு மோடத்தைப் பார்க்கப் போனேன். `LOS` என்று எழுதிய சிறிய விளக்கு ஒன்று அதில் உண்டு. கம்பி வழியாக ஒளி வரவில்லை என்றால் அது சிவப்பாக மின்னும். சற்று நேரம் நின்று பார்த்ததில் விளக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சிவந்து அணைந்தது. ஒவ்வொரு தடவையும் இணைப்பு அறுந்து, திரும்ப ஒட்ட அரை நிமிடம் பிடித்தது. மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவியபோது யாரோ கம்பியை இழுத்து மடித்திருக்கிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது. கண்ணாடி இழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும், கம்பி அறுந்திருக்கவே வேண்டியதில்லை.

இப்படி அறுந்து அறுந்து வரும் இணைப்பில் யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் போகும். ஏனென்றால் அவை முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டோ, மறுபடி மறுபடி முயன்றோ சமாளித்துவிடுகின்றன. அப்டேட் பதிவிறக்கமும் ஓரளவு சமாளிக்கும், பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். சரிபார்ப்பு மட்டும் அப்படியல்ல. கேள்வி போய்ப் பதில் வரும் அந்தச் சில நொடிகளில் கம்பி அறுந்தால் பதில் வரும் வரை காத்துக்கிடந்து, கடைசியில் இணையம் இல்லை என்று சொல்லிவிடும். ஆகவே இங்கே வேகம் முக்கியமே இல்லை. 2 எம்பிபிஎஸ் என்றாலும் அறுபடாமல் வரும் இணைப்பு, அறுந்து அறுந்து வரும் 200 எம்பிபிஎஸ்ஸை விட மேல்.

வேகச் சோதனைத் தளங்கள் இந்தக் குறையைப் பெரும்பாலும் மறைத்துவிடும், அவை சோதிப்பது சில நொடிகளைத்தான். அதே வைஃபையில் ஒரு கணினி இருந்தால் விண்டோஸில் இந்தக் கட்டளை ஒரு நிமிட நேர நிலைமையைக் காட்டும்:

```
ping -n 60 1.1.1.1
```

முடிவில் எத்தனை தொலைந்தன என்று வரும். அறுபதில் ஒன்று தொலைந்தால் விட்டுவிடலாம். ஐந்தாறு தொலைந்தால், அதுவும் அடுத்தடுத்துத் தொலைந்தால், இணைப்பு அறுபடுகிறது. ஒன்றுமே தொலையவில்லை, ஆனாலும் சரிபார்ப்பு நிற்கிறது என்றால், அனுமதி சர்வருக்குப் போகும் வழியை யாரோ அடைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். அலுவலகம், கல்லூரி விடுதி ஆகியவற்றின் வைஃபையில் இது நடக்கும். பவர்ஷெல்லில் கேட்டுப் பார்க்கலாம்:

```
Test-NetConnection gs.apple.com -Port 443
```

`TcpTestSucceeded : True` என்று வந்தால் வழி திறந்திருக்கிறது. போனுக்குள்ளேயே விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும், விளம்பரம் தடுக்கும் செயலி ஒன்று சில சர்வர் பெயர்களை மறைத்துக்கொண்டிருந்தாலும் இதே தடை வரும். அவற்றை அப்டேட் முடியும்வரை நிறுத்திவையுங்கள். தேதியும் நேரமும் தானாக அமையும்படி இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். போனின் கடிகாரம் வெகுவாகத் தவறியிருந்தால் சர்வரின் சான்றிதழ் காலாவதியானதாகவோ இன்னும் தொடங்காததாகவோ போனுக்குத் தோன்றும், அது பேசவே மறுத்துவிடும்.

கணினியும் இல்லை, ஆராய நேரமும் இல்லை என்றால் சுருக்கு வழி ஒன்று உண்டு. அப்டேட்டை வீட்டு வைஃபையில் இறக்கிவிட்டு, சரிபார்ப்புக்கு மட்டும் இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள். கனமான சுமை கம்பி வழியாக எத்தனை தடங்கலோடு வந்தாலும் வந்து சேர்ந்துவிடும். சில கிலோபைட் கேட்கும் பேச்சுக்கு மட்டும் மொபைல் டேட்டா. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி என்ற கணக்கில் டேட்டா வாங்குபவர்களுக்கு இது மிகவும் உதவும்.

இடம் இருந்தும் இடமில்லை

சித்தி போனில் முன்பே இறங்கியிருந்த அப்டேட் மூன்று வாரம் பழையது. இடையில் இன்னொரு பதிப்பு வந்திருந்தது. அதனால் பழையதை நீக்கிவிட்டுப் புதியதைத் தொட்டேன். அளவு 1.1 ஜிபி என்று காட்டியது. போனில் மீதி 2.3 ஜிபி. ஆனாலும் இடம் போதாது என்றது.

இந்தக் கணக்கு எல்லோரையும் குழப்பும். காட்டப்படும் அளவு மூட்டையின் அளவு மட்டுமே. மூட்டை இறங்கவேண்டும், அதைப் பிரித்து விரிக்க இடம் வேண்டும், பழையது அப்படியே இருக்கும்போதே புதிய கோப்புகள் பக்கத்தில் உருவாகவேண்டும். குடியிருக்கும் வீட்டிலேயே ஓடு மாற்றுவது போல. பழைய ஓட்டை இறக்காமல் புதிய ஓட்டை முற்றத்தில் அடுக்கி வைக்கவேண்டியிருக்கிறது. 2014-இல் ஐஓஎஸ் 8-க்கு 4.58 ஜிபி காலி இடம் தேவைப்பட்டது. 16 ஜிபி போன் வைத்திருந்தவர்கள் படங்களையெல்லாம் அழித்துக்கொண்டு தவித்தார்கள். அடுத்த ஆண்டு ஐஓஎஸ் 9-இல் அதை 1.3 ஜிபியாகக் குறைத்தார்கள். இடம் போதவில்லை என்றால் சில செயலிகளைத் தற்காலிகமாக நீக்கி, நிறுவல் முடிந்ததும் திரும்பப் போடட்டுமா என்று போனே கேட்கும் வசதியும் அப்போது வந்தது. அதற்குச் சம்மதிப்பதில் தவறில்லை. ஆனால் அந்தச் செயலிகள் திரும்ப வர நெட்டும் நேரமும் ஆகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு முந்தின இரவு வேண்டாம்.

என் கணக்கு எளிமையானது: சிறு அப்டேட்டுக்குக் காட்டும் அளவைப்போல மூன்று மடங்கு காலியாக இருக்கட்டும். ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பென்றால் பத்து ஜிபிக்கு மேல் காலி செய்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

எதை நீக்குவது? சித்தி முந்தின இரவே பேரன் பிறந்தநாள் வீடியோக்களை நீக்கியிருந்தார், கணினியில் ஒரு பிரதி வைத்துவிட்டுத்தான். "நாலு ஜிபி அழிச்சேன்டா, எங்கே போச்சு அந்த இடம்?" எங்கும் போகவில்லை. புகைப்படச் செயலியில் நீக்கியவை `Recently Deleted` என்ற தொகுப்பில் 30 நாள் இருக்கும். அதுவரை ஒரு பைட் இடம்கூட விடுபடாது. அந்தத் தொகுப்பையும் காலி செய்த பிறகு மீதி ஆறு ஜிபியைத் தாண்டியது. எண் உடனே மாறாது, இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பார்க்கவேண்டும். அந்த இடைவெளியில் இன்னும் இடமில்லை என்று முடிவுகட்டி மேலும் எதையாவது நீக்கிவிடாதீர்கள். நீக்குவதற்கு மனம் வராத செயலி இருந்தால் `Offload App` கொடுங்கள். செயலி போகும், அதற்குள் இருந்த உங்கள் தரவு போனிலேயே தங்கும்.

சார்ஜ்

பேட்டரி விஷயத்தில் தடை வருவது பெரும்பாலும் நிறுவலின் வாசலில்தான். பாதிக்குக் குறைவாக இருந்தால் சார்ஜரில் போடச் சொல்லும். மிகவும் இறங்கியிருந்தால் போட்டவுடனும் தொடங்காது, கொஞ்சம் ஏறும்வரை காத்திருக்கும். நிறுவல் நடுவில் மின்சாரம் நின்றால் பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் போன் அந்தரத்தில் நின்றுவிடும் என்பதே காரணம்.

ஆனால் சதவீதத்தை மட்டும் நம்பக்கூடாது. `Settings > Battery` பக்கத்தில் பேட்டரி ஆரோக்கியப் பகுதியில் `Maximum Capacity` என்று ஓர் எண் இருக்கும். ஐபோன் 14 வரையிலான பேட்டரிகள் 500 முழுச் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதம் கொள்ளளவைத் தக்கவைக்கும் விதத்தில் செய்யப்பட்டவை. சித்தியின் போனில் அந்த எண் 76. இப்படித் தேய்ந்த பேட்டரியில் 50 சதவீதம் என்று எழுதியிருந்தாலும், சிப் முழுமூச்சாக ஓடும்போது மின்னழுத்தம் சரிந்து போன் சட்டென்று அணையக்கூடும். ஆகவே பழைய போனில் அனுமதி கிடைத்துவிட்டது என்று கம்பியைப் பிடுங்காமல், தொடக்கம் முதல் முடிவு வரை சுவர்ச் சார்ஜரிலேயே வைத்திருப்பேன். மடிக்கணினியின் பழைய யூஎஸ்பி துளையில் செருகினால், அப்டேட் தின்பதற்கே அந்த மின்சாரம் பற்றாமல் சதவீதம் இறங்கிக்கொண்டே போகும்.

மதுரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஐபோனைப் பயன்படுத்தச் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ். மே மாத மத்தியானத்தில் நம் மாடி அறை அதைத் தாண்டிவிடும். சார்ஜும் ஏறி, மூட்டையும் பிரியும்போது போன் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்து, சார்ஜ் ஏறுவதையும் நிறுத்திவைக்கும். `Preparing Update…` கட்டம் முடிவில்லாமல் நீள்வதற்கு இதுவும் காரணமாக இருக்கும். உறையைக் கழற்றி, தலையணைமேல் வைக்காமல், மின்விசிறிக்கு நேராகத் தரையில் வையுங்கள். இரவில் போடுவது இன்னும் நல்லது.

குறைந்த மின்சாரப் பயன்பாடு, குறைந்த டேட்டா பயன்பாடு ஆகிய இரண்டு அமைப்புகளும் தானாக நடக்கும் பதிவிறக்கங்களை நிறுத்திவைப்பவை. பட்டரி ஐகான் மஞ்சளாக இருந்தால் முதல் அமைப்பு இயங்குகிறது. இரண்டையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஞாயிறு மாலை

சித்தி வீட்டில் அன்று நடந்த வரிசை இது. பழைய அப்டேட்டை நீக்கினேன், நீக்கிய வீடியோக்களை முழுதாகக் காலி செய்தேன், போனை ஒருமுறை மறுதொடக்கம் செய்தேன், சுவர்ச் சார்ஜரில் போட்டேன். 1.1 ஜிபி இறங்க, அந்தச் சிவப்பு விளக்கு மின்னும் இணைப்பில், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் பலமுறை நின்றாலும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. தயாரிப்பு 40 நிமிடம். `Install Now` அழுத்துவதற்கு முன் வைஃபையை என் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு மாற்றினேன். சரிபார்ப்புப் பெட்டி வந்து, காபி ஆற்றும் நேரத்துக்குள் மறைந்தது. போன் அணைந்து, ஆப்பிள் சின்னம் வந்தது. "இவ்வளவுதானா?" என்றார் சித்தி.

அதோடு முடிந்தது நல்லவேளை. ஆப்பிள் சின்னத்தின் கீழே உள்ள பட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் நின்றிருந்தால் கணினி தேவைப்பட்டிருக்கும். போனைக் கம்பியால் இணைத்து, கட்டாய மறுதொடக்கத்துக்குச் சொன்ன அதே மூன்று பொத்தான் வரிசையைச் செய்து, ஆப்பிள் சின்னம் வந்தும் பக்கவாட்டுப் பொத்தானை விடாமல், கணினிப் படமும் கம்பிப் படமும் தெரியும்வரை பிடிக்கவேண்டும். கணினித் திரை இரண்டு பொத்தான்களைக் காட்டும். `Update` என்பது உங்கள் தரவை வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் திரும்பப் போட முயலும். `Restore` எல்லாவற்றையும் துடைத்துவிடும். முதலில் தொடவேண்டியது `Update`.

அங்கேயும் நெட் குறுக்கே வரும். கணினி இறக்குவது சிறு மூட்டையை அல்ல, பல ஜிபி கொண்ட முழு இயங்குதளத்தை. அதற்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் போன் அந்தக் கம்பிப் படத்திலிருந்து தானாக வெளியேறிவிடும். பலர் அதைப் பார்த்துக் காரியம் கெட்டது என்று நினைத்துக் கம்பியைப் பிடுங்கிவிடுகிறார்கள். கெடவில்லை. கணினியில் பதிவிறக்கம் முடியட்டும் என்று விட்டுவிட்டு, முடிந்ததும் மூன்று பொத்தான் வரிசையை மறுபடி செய்து, திரும்ப `Update` கொடுக்கவேண்டும். இரண்டாம் முறை கோப்பு கணினியிலேயே தயாராக இருக்கும். அப்போதும் `gs.apple.com` சீட்டுத் தரவேண்டும் என்பதால் கணினியின் இணைப்பை மட்டும் அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.